வாழ்வுச் சான்று: கருவூலத்துக்கோ வங்கிக்கோ போக முடியாதவர்களுக்கு

(அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற உறுப்பினர் ஒருவர் விடையளிக்கிறார்.)

கருங்கலிலிருந்து ஒரு மகள்: அம்மா இருபத்திரண்டு வருடம் முந்திரி ஆலையில் பருப்பு உடைத்தவர். பி.எஃப். பென்ஷன் வருகிறது. இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருக்கிறார். போன வருடம் வாழ்வுச் சான்று கொடுக்க ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போயும் ரேகை விழவில்லை. ஐந்து முறை வைத்துப் பார்த்தும் பயனில்லை. இந்த வருடம் என்ன செய்வது?

பதில்: முந்திரித் தோட்டின் எண்ணெய் விரல் தோலை ஆண்டுக்கணக்கில் அரித்திருப்பதால், ரேகைக் கருவி படிப்பதற்கு அங்கே கோடுகளே மிஞ்சியிருக்காது. விரலைத் துடைத்து வைப்பதாலோ வேறு மையத்துக்கு அலைவதாலோ இது சரியாகாது. ரப்பர் பால் வெட்டியவர்கள் சிலரிடமும் இதே தொல்லையைப் பார்த்திருக்கிறேன். எனவே ரேகையை விட்டுவிட்டு முகத்தைக் கொண்டு பதிவு செய்யுங்கள். 2021 நவம்பரிலிருந்து இந்த வசதி இருக்கிறது. அம்மாவைக் கட்டிலிலிருந்து நகர்த்தவும் வேண்டாம்.

உங்கள் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் முதலில் AadhaarFaceRD என்பதையும், பிறகு Jeevan Pramaan முகச் செயலியையும் நிறுவுங்கள். முதலாவது செயலிக்குத் திரையில் தனிச் சின்னம் எதுவும் தோன்றாது. அது பின்னணியில் இயங்குவது. இதை அறியாமல் நிறுவல் தவறிவிட்டதென்று நினைத்துக் கைவிட்டவர்கள் உண்டு. அடுத்து, செயலி உங்கள் ஆதார் எண்ணையும் உங்கள் முகத்தையும் கேட்கும். ‘பென்ஷன்காரர் அம்மாதானே’ என்று அங்கே குழம்ப வேண்டாம். பதிவு செய்து கொடுப்பவராக உங்களை ஒருமுறை ஏற்றுக்கொண்டால், அதே கைப்பேசியில் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் எத்தனை பேருக்கும் செய்து கொடுக்கலாம்.

அதன்பின் அம்மாவின் ஆதார் எண், கைப்பேசி எண், பி.பி.ஓ. எனப்படும் ஓய்வூதிய ஆணையின் எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றை இடுங்கள். பெரும்பாலான சான்றுகள் தவறிப்போவது இந்த இடத்தில்தான். பணம் வங்கிக்கு வருகிறது என்பதால் ஓய்வூதியம் வழங்கும் அமைப்பு எது என்ற கேள்விக்குப் பலர் வங்கியின் பெயரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அம்மாவுக்கு வழங்குவது வருங்கால வைப்பு நிதி நிறுவனம் என்பதால் EPFO என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும், அலுவலகத்தையும் பி.பி.ஓ. தாளில் உள்ளபடி குறியுங்கள். மறுவேலை, மறுமணம் பற்றிய கேள்விகளுக்கும் அவசரத்தில் ‘ஆம்’ என்று அழுத்திவிடாதீர்கள். அப்படி அழுத்தினால் மின்முறைச் சான்று கிடைக்காது.

முகம் எடுக்கும்போது சன்னல் வெளிச்சம் முகத்தின் மீது விழ வேண்டும். முதுகுப்பக்கம் சன்னல் இருந்தால் முகம் கருத்துவிடும். தலையணையைச் சற்று உயர்த்தி, கைப்பேசியை முகத்துக்கு நேராகப் பிடித்து, திரை சொல்லும்போது அம்மாவைக் கண் இமைக்கச் சொல்லுங்கள்.

அதே மகள்: செய்துவிட்டேன், குறுஞ்செய்தி வந்துவிட்டது. வேலை முடிந்ததா?

பதில்: பாதி முடிந்தது. அந்தக் குறுஞ்செய்தி சான்று உருவானதைத்தான் சொல்கிறது. அலுவலகம் அதை ஏற்றுக்கொண்டதைச் சொல்லவில்லை. அதிலுள்ள பிரமாண் எண்ணை எழுதி வைத்துக்கொண்டு, சில நாள் கழித்து jeevanpramaan.gov.in தளத்தில் நிலையைப் பாருங்கள். பி.பி.ஓ. எண்ணில் ஓர் இலக்கம் பிசகினாலும் சான்று உருவாகும். ஆனால் பின்னர் நிராகரிக்கப்படும். நிராகரிப்பைக் கவனிக்காமல் விட்டவர்களுக்கு ஓய்வூதியம் நின்ற பிறகுதான் விவரம் தெரிகிறது.

மார்த்தாண்டத்திலிருந்து ஒருவர்: நவம்பர் 30-க்குள் கொடுக்காவிட்டால் எல்லாப் பென்ஷனும் நின்றுவிடும். ஆகவே அந்த அம்மா நவம்பரிலேயே கொடுத்திருக்க வேண்டும் அல்லவா?

பதில்: நவம்பர் என்பது மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு உரிய மாதம், 80 வயதைக் கடந்தவர்கள் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே கொடுக்கலாம். பி.எஃப். ஓய்வூதியத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. கடைசியாகக் கொடுத்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதம் செல்லும். சென்ற ஆண்டு டிசம்பர் 12-இல் கொடுத்தவருக்கு இந்த ஆண்டு டிசம்பர் இரண்டாம் வாரம் வரை அவகாசம் உண்டு. மார்ச்சில் கொடுத்தவருக்கு அடுத்த மார்ச் வரை. தமிழ்நாடு அரசு ஓய்வூதியர்களின் நேர்காணலோ அவரவர் ஓய்வு பெற்ற மாதத்தில் நடக்கிறது. ஒரே வீட்டில் கணவருக்கு ஒரு மாதமும் மனைவிக்கு வேறு மாதமும் வரலாம். நாட்காட்டியில் குறித்து வைப்பது நல்லது.

தக்கலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர்: எனக்கு வயது 81. பிள்ளைகள் வளைகுடாவில் இருக்கிறார்கள். கைப்பேசிச் செயலியெல்லாம் எனக்குக் கைவராது. கருவூலத்தின் படியேறவும் முடியவில்லை.

பதில்: ஐயா, தபால்காரரை வீட்டுக்கு வரவழையுங்கள். இந்திய அஞ்சல் பேமெண்ட்ஸ் வங்கி வீட்டுக்கே வந்து பதிவு செய்கிறது. உங்களைப் போன்ற மாநில அரசு ஓய்வூதியர்களுக்கு இதற்கான கட்டணம் 70 ரூபாய். அந்த வங்கியில் கணக்கு இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 155299 என்ற எண்ணில் அழைக்கலாம். உங்கள் பகுதித் தபால்காரரிடம் நேரில் சொல்வது, என் அனுபவத்தில், அதைவிட விரைவாகப் பலன் தருகிறது. அவர் வரும் முன் ஆதார் அட்டை, பி.பி.ஓ. எண், வங்கிப் புத்தகம் ஆகியவற்றை மேசையில் எடுத்து வையுங்கள், ஓ.டி.பி. வரும் கைப்பேசியும் அருகில் இருக்கட்டும்.

குலசேகரத்திலிருந்து ஒருவர்: என் பாட்டிக்கு மாதாமாதம் முதியோர் உதவித்தொகை வருகிறது. அவருக்கும் இந்தச் செயலியில் பதியலாமா?

பதில்: இங்கே பேசுவது பணி செய்து ஓய்வு பெற்றவர்களின் ஓய்வூதியத்தையும் அவர்களது குடும்ப ஓய்வூதியத்தையும் பற்றி. பாட்டிக்கு வருவது வருவாய்த் துறை வழங்கும் உதவித்தொகை. கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள்.

குளச்சலிலிருந்து ஒரு பெண்மணி: அப்பா மத்திய அரசு ஓய்வூதியர். பக்கவாதத்துக்குப் பிறகு இமைக்கச் சொன்னால் அவருக்குப் புரிவதில்லை. கையும் மடங்கியே இருக்கிறது. ரேகையும் இல்லை, முகமும் இல்லை.

பதில்: இந்த நிலையில் தாள் சான்றுதான் வழி; மின்முறை வந்ததால் அது ஒழிந்துவிடவில்லை. அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர், அஞ்சலக அதிகாரி போன்ற குறிப்பிட்ட பொறுப்பில் உள்ளவர்களுள் ஒருவர் அப்பாவை நேரில் பார்த்து, உரிய படிவத்தில் கையொப்பமிட்டுக் கொடுத்தால், அவர் வங்கிக்கு வர வேண்டியதில்லை. படுக்கையில் இருக்கும் ஓய்வூதியரின் வீட்டுக்கோ மருத்துவமனைக்கோ வங்கி அதிகாரி சென்று சான்று பெற வேண்டும் என்ற அறிவுறுத்தலும் உள்ளது. கிளை மேலாளருக்கு எழுத்து மூலமாக விண்ணப்பித்து, மருத்துவர் சான்றின் நகலை இணைத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையைக் கேட்டு வாங்குங்கள். எங்கள் உறவினர் ஒருவருக்காக ஒரு கிளையில் வாய்மொழியாகக் கேட்டு மூன்று வாரம் காத்திருந்தேன். எழுதிக் கொடுத்த பிறகே ஆள் வந்தார்.

கருங்கல் மகள் மீண்டும்: நிலையைப் பார்த்தேன், ஏற்றுக்கொண்டதாக வந்திருக்கிறது. ஆனால் எங்கள் தெருவில் ஒரு பாட்டிக்கு ஆறு மாதமாகப் பென்ஷன் நின்றுபோயிருக்கிறது. அவரும் முந்திரி ஆலைதான். அந்தப் பணம் போய்விட்டதா?

பதில்: போகவில்லை. சான்று ஏற்கப்பட்டதும் ஓய்வூதியம் மறுபடி தொடங்கும். நிலுவையும் சேர்ந்து வரும். உங்கள் கைப்பேசியிலேயே அவருக்கும் பதிவு செய்து கொடுங்கள். ஆனால் முதலில் அவரது ஆதாரில் உள்ள பெயரும் பி.பி.ஓ. தாளில் உள்ள பெயரும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஆலைப் பதிவேட்டில் வீட்டுப்பெயரையோ செல்லப்பெயரையோ எழுதியிருந்தால் இது இன்னும் நீளலாம். எவ்வளவு நீளும் என்பது அந்தத் தாளைப் பார்த்தால்தான் தெரியும். எண்களை மறைத்துவிட்டு, பெயர் எழுதியிருக்கும் விதத்தை மட்டும் இங்கே எழுதுங்கள்.