கேள்வி-பதில்: பேங்க் ஸ்டேட்மென்ட்டை எக்செல்லில் ஏற்றக் காசு எதற்கு?

ஆடிட்டர் வருஷத்து ஸ்டேட்மென்ட்டை எக்செல்லில் கேட்கிறார். பிடிஎஃப்பில் இருந்து காப்பி செய்து ஒட்டினால் எல்லாம் ஒரே பத்தியில் விழுகிறது. நல்ல சாஃப்ட்வேர் எது வாங்கலாம்? – ஜவுளிக் கடைக்காரர், ஈரோடு

ஒன்றும் வாங்க வேண்டாம். முதலில் நெட்பேங்கிங்கில் ஸ்டேட்மென்ட் எடுக்கும் இடத்தில் பிடிஎஃப் தவிர வேறு வடிவம் இருக்கிறதா என்று பாருங்கள், பல வங்கிகளில் எக்செல் அல்லது எக்செல்லில் திறக்கக்கூடிய சிஎஸ்வி கோப்பு அங்கேயே கிடைக்கும், கண்ணில் படாத மூலையில் வைத்திருப்பார்கள். இதைப் பார்க்காமல் நானே ஒருமுறை நாலாயிரத்துச் சொச்சம் கொடுத்து ஒரு ‘ஆயுள் முழுவதற்கான’ கன்வெர்ட்டர் வாங்கினேன். அது ஒவ்வொரு பக்கத்தையும் படமாக எக்செல்லில் ஒட்டிக் கொடுத்தது!

அங்கே இல்லை என்றால் டேபுலா என்ற இலவச மென்பொருள் போதும். உங்கள் கணினியிலேயே ஓடும், ஸ்டேட்மென்ட் வெளியே எங்கும் போகாது. கோப்புக்குப் பாஸ்வேர்டு இருந்தால் குரோமில் திறந்து, பிரின்ட் கொடுத்து, Save as PDF என்று பூட்டில்லாத பிரதி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், வேலை முடிந்ததும் அதை அழித்துவிடுங்கள். டேபுலாவில் அட்டவணையைச் சுற்றி மவுஸால் ஒரு பெட்டி வரைய வேண்டும். அட்டவணையில் கோடுகள் அச்சாகியிருந்தால் Lattice, வெறும் இடைவெளிதான் என்றால் Stream. சிஎஸ்வியாக இறக்குங்கள்.

இனிமேல்தான் வேலையே. Stream எடுத்தால் அச்சில் உள்ள ஒவ்வொரு வரியும் ஒரு வரிசையாக வரும். யுபிஐ விவரம் மூன்று வரிக்கு மடங்கியிருந்தால் தேதியும் தொகையும் ஒரு வரிசையில் இருக்கும், மீதி இரண்டில் விவரத்தின் வால் மட்டும் தொங்கும். அந்த வாலை மேல் வரிசையோடு ஒட்டிவிட்டு, காலியான வரிசைகளையும் பக்கத்துக்குப் பக்கம் திரும்ப வரும் தலைப்புகளையும் நீக்குங்கள். தொகை கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டி நின்றால் எக்செல் அதை எழுத்தாக எடுத்திருக்கிறது என்று அர்த்தம், கூட்டலில் சேராது. பெரும்பாலும் பின்னால் Cr ஒட்டியிருக்கும், அதைத் தேடி நீக்கினால் சரியாகும். இருப்புப் பத்தியில் Dr என்று இருந்தால் மட்டும் சும்மா நீக்காதீர்கள், ஓவர்டிராஃப்ட் இருப்பு அது, கழித்தல் குறி போட வேண்டும். தேதியிலும் வம்பு உண்டு: அமெரிக்க அமைப்பில் உள்ள எக்செல் 03/04/2025 என்பதை மார்ச் 4 ஆக்கிவிடும், 13/04/2025-ஐ எழுத்தாக விட்டுவிடும். அதனால் சிஎஸ்வியை இரட்டைக் கிளிக்கில் திறக்காமல் Data பட்டியில் From Text/CSV வழியாக ஏற்றி, தேதிப் பத்தியை முதலில் எழுத்தாகவே வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தப் பத்தியைத் தேர்ந்தெடுத்து Text to Columns போய், கடைசிப் படியில் Date: DMY கொடுங்கள்.

அப்புறம் சரிபார்ப்பு. இதைத் தவறவிடுகிறவர்கள்மேல் எனக்குத் தீராத கோபம். கீழே கூட்டுத்தொகை ஏதோ வந்தால் போதும் என்று அனுப்பிவிடுகிறார்கள். அரே, ஒவ்வொரு வரியிலும் வங்கியே இருப்பு எழுதிக் கொடுத்திருக்கிறது, அதைவிட நல்ல சாட்சி வேறு என்ன வேண்டும்? C பற்று, D வரவு, E இருப்பு, பழைய தேதி மேலே என்றால், F3-ல் இதைப் போட்டுக் கீழே இழுங்கள்:

```
=ROUND(E2-C3+D3-E3,2)
```

எல்லாம் 0 வர வேண்டும். வராத இடத்தில் வரும் எண்ணே நோயைச் சொல்லும். இருப்பு 20,000, அடுத்த வரியில் 5,000 வரவு, புது இருப்பு 25,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வரவு நகர்ந்து பற்றுப் பத்தியில் விழுந்திருந்தால் விடை -10,000, அதாவது தொகையைப் போல் இரண்டு மடங்கு. அந்த வரியே காணாமல் போயிருந்தால் அடுத்த வரியில் -5,000 மட்டும் இடிக்கும், பக்கம் மாறும் இடத்தில் தேடுங்கள்.

வங்கி கொடுத்த தாளை போனில் படம் எடுத்து பிடிஎஃப் ஆக்கினேன். டேபுலாவில் ஒன்றுமே வரவில்லை.

வராது. அதில் எழுத்து இல்லை, படம்தான் இருக்கிறது. நெட்பேங்கிங்கில் இருந்து அசல் பிடிஎஃப்பை இறக்குங்கள்.

‘ஒரு நாள் இலவசம்’ என்று ஒரு கன்வெர்ட்டர் ஆப்பில் கார்டு எண் கொடுத்தேன். இப்போது மாதாமாதம் பணம் போகிறது. ஆப்பை அழித்தும் நிற்கவில்லை. – ஓய்வுபெற்ற ஆசிரியை

உங்கள்மேல் தப்பில்லை அம்மா, இலவசத்தைப் பெரிய எழுத்திலும் கட்டணத்தைப் பொடி எழுத்திலும் போட்டவர்கள்மேல்தான் தப்பு. ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோர் வழியாகச் சேர்ந்திருந்தால் அங்கே Subscriptions பகுதியில் ரத்து செய்யுங்கள். நேரடியாகக் கார்டில் போகிறது என்றால் தானாகப் பணம் எடுக்க நீங்கள் கொடுத்த அனுமதியான இ-மேண்டேட்டை ரத்து செய்யும்படி வங்கியிடம் சொல்லுங்கள். இப்படிப் பணம் எடுக்குமுன் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி, வரவில்லை என்றால் அதையும் எழுத்தில் புகாராகக் கொடுங்கள். போன பணத்துக்கு 1915, தேசிய நுகர்வோர் உதவி எண்.

கூகுளில் முதலில் வந்த தளத்தில் ஸ்டேட்மென்ட்டையும் பாஸ்வேர்டையும் போட்டேன். நன்றாகத்தான் மாற்றிக் கொடுத்தது. பயப்பட வேண்டுமா?

உங்கள் கணக்கு எண், முகவரி, ஒரு வருஷம் யாருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்பது மொத்தமும் முன்பின் தெரியாதவரிடம் இருக்கிறது. அந்தப் பாஸ்வேர்டு பிறந்த தேதியில் அமைந்தது என்றால் அதுவும். போட்டுவிட்டு என்னைக் கேட்கிறீர்களே!