அம்மா கையில் கொடுக்கும் அட்டை

அன்புள்ள அண்ணா,

லைப்சிக்கில் வேலை பார்க்கிறேன். அம்மா மதுரையிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கிறார். சர்க்கரையும் பி.பி.யும் உண்டு. இரண்டு நாளாக மயக்கமாக வருகிறது என்கிறார். வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன். அன்று எனக்கு ஷிஃப்ட். பக்கத்து வீட்டு ஜெர்மன் அம்மாள் கூடப் போகிறார். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான். இரண்டு மொழியிலும் சின்னதாக ஓர் அட்டை எழுதிக் கொடுக்கலாமா, அதில் என்ன எழுதுவது?

சு.

அன்புள்ள சு.,

கட்டாயம் எழுதிக் கொடுங்கள். ஆனால் அதற்கு முன், அம்மாவுக்கு மயக்கமாக வரும்போது குளுக்கோமீட்டரில் ஒருமுறை பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீரோ பழச்சாறோ கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். அன்றே டாக்டருக்குப் போன் செய்யுங்கள், வியாழன் வரை தள்ளிப்போட வேண்டாம்.

இனி அட்டை. அம்மா சொல்ல வேண்டியதைத்தான் பெரும்பாலோர் எழுதுகிறார்கள். சிக்கல் அதற்கு அடுத்த நிமிடம் வருகிறது. டாக்டர் திருப்பி ஒன்று கேட்பார், அது அம்மாவுக்குப் புரியாது. அதனால் அட்டையில் பாதிக்கு மேல் டாக்டருடைய கேள்விகளாக இருக்கட்டும். மேலே ஜெர்மன், கீழே தமிழ். டாக்டர் கேள்வியைத் தொட்டுக் காட்டுவார், அம்மா பதிலைத் தொட்டுக் காட்டுவார். ஜெர்மனைத் தமிழ் எழுத்தில் எழுதி அம்மாவைப் படிக்கச் சொல்லாதீர்கள். ஒரு வாக்கியம் ஜெர்மனில் சொல்லிவிட்டால், மொழி தெரியும் என்று நினைத்து அவர்கள் கடகடவென்று பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

ஆமாம், இல்லை, தெரியாது என்று மூன்று பெரிய கட்டங்கள் அவசியம். நம் ஊரில் ‘சரி’ என்று தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவோமே, அதை அங்கே ‘இல்லை’ என்றே எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

உங்கள் அம்மாவுக்கு முக்கியமான கேள்விகள் மயக்கத்தைப் பற்றியவை. மயக்கம் என்று ஒரே சொல்லாக எழுத வேண்டாம். ‘தலை சுற்றுகிறது’, ‘கண் இருட்டுகிறது’, ‘நினைவு தப்பி விழுந்தேன்’ என்று மூன்று வரிகளாகப் பிரித்துவிடுங்கள். டாக்டருக்கு மூன்றும் வேறு வேறு. அடுத்த கேள்வி, எப்போது வருகிறது? பதில்கள்: படுக்கையிலிருந்து எழும்போது, சாப்பாடு தள்ளிப்போகும்போது, தலையைத் திருப்பும்போது, நாள் முழுக்க. முதலாவதைத் தொட்டால் டாக்டர் பி.பி. மாத்திரையை யோசிப்பார், இரண்டாவதைத் தொட்டால் சர்க்கரை மாத்திரையை. கூடவே, இன்று சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா, நெஞ்சு வலி உண்டா, சிறுநீர் போகும்போது எரிச்சல் உண்டா. கடைசிக் கேள்வியை மகனிடம் சொல்லக் கூச்சப்படும் அம்மாக்கள் அட்டையில் தயங்காமல் தொட்டுவிடுவார்கள்.

பின்பக்கம் மருந்துகளுக்கு. நம் ஊர் பிராண்டு பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. மாத்திரையில் உள்ள மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் எழுதுங்கள். சர்க்கரைக்கு ஒரே மாத்திரை என்று அம்மா சொன்னாலும் மாத்திரை அட்டையைப் புரட்டிப் பாருங்கள், ‘கிளிமிபிரைடு 1 மி.கி., மெட்ஃபார்மின் 500 மி.கி.’ என்று இரண்டு மருந்து சேர்ந்திருக்கலாம். இதில் சர்க்கரையைத் தாழ்வாக இறக்கிவிடக்கூடியது கிளிமிபிரைடு. அது விட்டுப்போனால் டாக்டருக்குத் துப்பே கிடைக்காது. நம் மருந்துக்கடைகளில் வெட்டிக் கொடுக்கும் துண்டில் பெயர் இருக்காது, அதனால் பெயர் தெரியும் மாத்திரை அட்டையையும் பையில் வையுங்கள். காலை, மதியம், இரவுக்கு 1-0-1 என்று எழுதினால் போதும், அங்கேயும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

சர்க்கரை அளவை எழுதும்போது அலகையும் சேர்த்து எழுதுங்கள். நம் மீட்டர் காட்டுவது மில்லிகிராம். ஜெர்மனியின் கிழக்குப் பகுதியில், லைப்சிக் உட்பட, மில்லிமோல் கணக்குதான் வழக்கம். 18-ஆல் வகுத்தால் வந்துவிடும்: 180 என்பது 10, 65 என்பது 3,6. தசமத்துக்கு அங்கே புள்ளி இல்லை, காற்புள்ளி.

எழுதி முடித்ததும் ஜெர்மன் வரிகளை மட்டும் உங்கள் சக ஊழியர் ஒருவரிடம் காட்டி, என்ன புரிகிறது என்று கேளுங்கள். அவர் சொல்வது உங்கள் தமிழோடு ஒத்துப்போகாத வரியை மாற்றிவிடுங்கள். அப்புறம் புதன்கிழமை ராத்திரி நீங்களே டாக்டராக உட்கார்ந்து, கேள்விகளை வரிசை மாற்றித் தொட்டுக் காட்டுங்கள். அம்மா எங்கே தடுமாறுகிறாரோ அங்கே எழுத்தைப் பெரிதாக்குங்கள், அல்லது வாக்கியத்தைச் சுருக்குங்கள். மூக்குக்கண்ணாடியை மறக்க வேண்டாம்.

டாக்டர் எழுதுவதற்கு அடியில் நாலு வரி இடம் விடுங்கள். உங்கள் போன் நம்பரும் அங்கே இருக்கட்டும். மருந்தை மாற்றுகிறார், புதிதாக ஒரு நோய் என்கிறார், கையெழுத்து கேட்கிறார் என்றால் அட்டை போதாது. ‘இதை என் மகனிடம் போனில் சொல்லுங்கள்’ என்று ஒரு வரி ஜெர்மனில் இருந்தால் அம்மா அதைத் தொட்டுக் காட்டுவார். ஷிஃப்டில் அந்த ஒரு மணி நேரம் போனை எடுக்க அனுமதி வாங்கி வையுங்கள்.