சீட் ஹீட்டர் அணைந்துபோனால் சீட்டையே மாற்றணுமா?

கேள்வி: பெங்களூரில் பழைய சொகுசு கார் ஒன்று வாங்கினேன். போன மாசம் ராணிப்பேட்டையில் புது லெதர் கவர் போட்டேன். ஏலகிரியில் விடியற்காலையில் சீட் ஹீட்டரைப் போட்டால், டிரைவர் சீட்டுக்கு விளக்கு எரிந்து நாலு விநாடியில் அணைகிறது. பக்கத்து சீட் நன்றாகச் சூடாகிறது. சீட்டையே மாற்றணும் என்கிறார் மெக்கானிக். நிஜமா சார்? — காட்பாடி வாசகர்

பதில்: நல்லவேளை, ஏலகிரியில் போட்டுப் பார்த்தீர்கள். காட்பாடி மதிய வெயிலில் நின்ற காரில் நல்ல ஹீட்டர்கூட வேலை செய்யாது. சீட்டுக்குள் வெப்பத்தை அளக்கும் சின்ன சென்சார் ஒன்று இருக்கிறது. சீட் ஏற்கெனவே கொதித்தால், மின்சாரம் விட வேண்டாம் என்று கன்ட்ரோல் யூனிட் முடிவு செய்துவிடும். உங்கள் பக்கத்து சீட் அதே குளிரில் சூடானதால் அந்தச் சந்தேகம் இல்லை.

கவருக்கும் ஃபோமுக்கும் நடுவே மெல்லிய கம்பி ஓடும் விரிப்பு ஒன்று உண்டு. இட்லிச் சட்டியை வைக்கும் மின்சார அடுப்பின் சுருள் மாதிரிதான், சூடு மட்டும் மிதம். கம்பியின் தடை 2.4 ஓம் என்று வையுங்கள். 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் ஓடி, 60 வாட் சூடு தரும். பல கார்களில் உட்காரும் பகுதியும் முதுகுப் பகுதியும் ஒரே தொடர். ஓரிடத்தில் அறுந்தாலும் இரண்டுமே குளிர்ந்துவிடும். ஓட வேண்டிய மின்சாரம் ஓடவில்லை என்றதும் யூனிட் விளக்கை அணைத்துவிடும். சென்சார் வயர் அறுந்தாலும் இதேதான்.

எனக்குச் சந்தேகம் கவர் தைத்தவர்மேல்தான். கவரை இழுத்துக் கட்டும் இரும்பு வளையம் விரிப்பைக் குத்தியிருக்கலாம். கழற்றும்போது கனெக்டர் தளர்ந்திருக்கலாம். சீட்டில் முழங்கால் ஊன்றி ஏறுவதும் கம்பியை அறுக்கும்.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிஷம் காத்திருக்கச் சொல்லுங்கள். சீட்டுக்கடியில் இருக்கும் மஞ்சள் கனெக்டர் ஏர்பேக்குடையது. அதில் மல்டிமீட்டரை வைக்கவே கூடாது. ஹீட்டர் கனெக்டரை அடையாளம் கண்டு, இரண்டு சீட்டையும் நிழலில் அளக்கட்டும். பக்கத்து சீட்டில் 2.4 காட்டி, உங்களுடையதில் OL என்று வந்தால் கம்பி அறுந்திருக்கிறது. கம்பி சரியென்றால் சென்சாரை அளக்கலாம். பலவற்றில் 25 டிகிரியில் 10,000 ஓம் இருக்கும், சூடு ஏற ஏறக் குறையும். எண் காருக்குக் கார் மாறும் என்பதால், இரண்டு சீட்டும் ஒத்துப்போகிறதா என்பதே முக்கியம்.

கனெக்டர் தளர்ச்சி என்றால் செலவே இல்லை. கம்பி என்றால் விரிப்பை மட்டும் மாற்றலாம். அறுந்த கம்பியை முறுக்கி ஒட்ட வைக்க விடாதீர்கள். அந்த இணைப்பு மட்டும் அதிகமாகச் சூடேறி கவரைக் கருக்கும். எப்போதாவது ஓரிடம் மட்டும் சுட்டாலோ, கருகிய வாடை வந்தாலோ ஹீட்டரைத் தொடவே வேண்டாம்.

ஸ்டியரிங் ஹீட்டர் இருந்தால் அதையும் பாருங்கள். வட்டத்தின் தோலுக்கடியில் இதே கம்பிதான். மின்சாரம் க்ளாக் ஸ்பிரிங் என்ற சுருள் நாடா வழியாகப் போகிறது. திருப்பும்போது மட்டும் சூடு விட்டு விட்டு வந்து, ஹார்னும் சேர்ந்து மக்கர் செய்தாலோ ஏர்பேக் விளக்கு எரிந்தாலோ கோளாறு அந்த நாடாவில். அதைத் தள்ளிப்போடாதீர்கள், ஏர்பேக்கும் அதே நாடாவை நம்பித்தான் இருக்கிறது.