கண்ணுக்குத் தெளிவான ரீஏஜென்ட்டுக்கு எதற்கு ஒரு பிளாங்க்?

"டீச்சர், நான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முதல் வருஷம். ஊர் வேலந்தாவளம். எங்க வீட்டு போர்வெல் தண்ணியில இரும்பு எவ்வளவுன்னு ஃபினான்த்ரோலின் முறையில் பார்த்தேன். டிஸ்டில்டு வாட்டர் வச்சு ஜீரோ செஞ்சேன், ஓ.டி. 0.092 வந்தது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் இரும்புக்கு 0.200 என்பது எங்க லேப் கணக்கு, அதனால 0.46 என்று எழுதினேன். பிளாங்க் எங்கேன்னு கேட்டு ரெக்கார்டைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க. ரீஏஜென்ட் எல்லாமே தண்ணி மாதிரி தெளிவாத்தானே இருக்கு? ஒவ்வொரு கலர் டெஸ்டுக்கும் பிளாங்க் கட்டாயமா?"

கட்டாயம்தான். உங்கள் டெஸ்டில் அது இன்னும் கட்டாயம். நீங்கள் தேடுகிற இரும்பு போர்வெல்லில் மட்டும் இல்லை, ரீஏஜென்ட் பாட்டில்களிலும் இருக்கிறது.

செய்ததை ஒருமுறை மனதில் ஓட்டிப் பாருங்கள். 50 மில்லி தண்ணீரில் 2 மில்லி அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் 1 மில்லி ஹைட்ராக்சிலமீன் கரைசலும் விட்டு, 15 முதல் 20 மில்லிக்குள் சுண்டும்வரை கொதிக்க வைத்திருப்பீர்கள். ஆறியதும் 50 மில்லி குடுவைக்கு மாற்றி, 10 மில்லி அம்மோனியம் அசிடேட் பஃபர், 4 மில்லி ஃபினான்த்ரோலின் சேர்த்து, கோடுவரை டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிக் கலக்கி, பத்துப் பதினைந்து நிமிஷம் கழித்து 510 நானோமீட்டர் ஒளியைக் கரைசல் எவ்வளவு உறிஞ்சுகிறது என்கிற ஓ.டி.யைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஆரஞ்சுச் சிவப்பு ஃபினான்த்ரோலினின் நிறம் அல்ல. ஃபெரஸ் இரும்பு அதோடு சேரும்போது வருகிற நிறம். அந்த இரும்பு எங்கிருந்து வந்தது என்று ஃபினான்த்ரோலினுக்குத் தெரியாது. கிணற்று இரும்பாக இருந்தாலும் அமிலத்தில் இருந்த இரும்பாக இருந்தாலும் ஒரே நிறம்தான்.

கடையில் விற்கிற சாதா ஹைட்ரோகுளோரிக் அமிலம் மஞ்சளாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மஞ்சளே பெரும்பாலும் இரும்பால் வருவது. சுத்தமான கிரேடில் அது மிகமிகக் குறைவு, ஆனாலும் சுத்தமாக இல்லாமல் போவதில்லை. அதைவிடப் பெரிய ஆள் பஃபர். நல்ல கிரேடு அம்மோனியம் அசிடேட்டிலும் கணக்கில் தெரியும் அளவுக்கு இரும்பு இருக்கும். சுமார் ஒரு லிட்டர் பஃபருக்கு 250 கிராம் உப்பைப் போடுகிறோம், அதிலிருந்து 10 மில்லி ஒவ்வொரு குடுவைக்கும் போகிறது. புது பஃபர் தயாரித்தால், இரும்பின் அளவு தெரிந்த ஸ்டாண்டர்டுகளையும் புதிதாகப் போட வேண்டும் என்று செய்முறையிலேயே சொல்லியிருப்பது இதனால்தான். இதுபோக, குடுவையின் உள்சுவர், துருப்பிடித்த முக்காலியிலிருந்து உதிரும் தூள், உப்பை அள்ளிய இரும்புக் கரண்டி என்று எல்லாமே பங்கு போடும்.

பிளாங்க் என்பது இந்த மொத்தப் பங்கையும் அளக்கிற குடுவை. கிணற்றுத் தண்ணீருக்குப் பதில் 50 மில்லி டிஸ்டில்டு வாட்டர், மற்றதெல்லாம் அப்படியே: அதே பாட்டில்கள், அதே பிப்பெட், அதே கொதி, அதே காத்திருப்பு. கொதிக்க வைக்காமல் கடைசியில் ரீஏஜென்ட்டை மட்டும் கலந்து "பிளாங்க் போட்டேன்" என்பவர்கள் உண்டு. கொதிக்கும்போது குடுவையிலிருந்தும் அடுப்படியிலிருந்தும் சேர்கிற இரும்பு அதில் வராது. சாம்பிள் பட்ட பாடு முழுவதையும் பிளாங்க்கும் பட வேண்டும்.

உங்கள் கணக்குக்கு வருவோம். அன்று பிளாங்க் 0.034 வந்திருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அசிடேட் பாட்டில் கொஞ்சம் மோசமாக இருந்தால் இது வரக்கூடிய அளவுதான். 0.092-லிருந்து 0.034 போனால் 0.058. அதை 0.200-ஆல் வகுத்தால் 0.29. நீங்கள் எழுதியது 0.46. உங்கள் ரெக்கார்டில் உள்ள இரும்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உங்கள் போர்வெல்லில் இல்லவே இல்லை, லேப் அலமாரியிலிருந்து வந்தது. தண்ணீரில் இரும்பு அதிகம் என்றால் இந்தப் பிழை அவ்வளவாகத் தெரியாது. ஓ.டி. 0.600 இருக்கும்போது 0.034 ஒரு பொருட்டில்லை. குறைவாக இருக்கும் தண்ணீரில்தான் அது முடிவையே புரட்டிப்போடும், நாம் சரியாகத் தெரிந்துகொள்ள ஆசைப்படுவதும் அந்தத் தண்ணீரைத்தான்.

"கண்ணுக்குத் தெளிவாத்தானே இருக்கு" என்றீர்கள். 0.034 என்றால் ஒரு சென்டிமீட்டர் கியூவெட்டில் சுமார் ஏழரை சதவீத ஒளி மட்டும் குறைகிறது. அதைப் பக்கவாட்டில் பார்த்தால் யார் கண்ணுக்கும் தெரியாது. அடுத்த முறை பிளாங்க்கை உயரமான நெஸ்லர் குழாயில் ஊற்றி, வெள்ளைத் தாளின்மேல் நிறுத்தி, குழாயின் வாய்வழியாக நேர் கீழே பாருங்கள். பக்கத்தில் வெறும் டிஸ்டில்டு வாட்டர் உள்ள இன்னொரு குழாய் இருக்கட்டும். இருபது சென்டிமீட்டர் ஆழத்தில், தண்ணீரென்று நினைத்தது கடுங்காப்பி ஒரு சொட்டு விட்ட மாதிரி இளம் ஆரஞ்சாகத் தெரியும். என் மாணவிகளுக்கு இதை ஒருமுறை காட்டிவிட்டால் பிறகு பிளாங்க்கைப் பற்றி நான் பேச வேண்டியதே இல்லை.

ஜீரோவை எதில் செய்வது என்பதில் லேபுக்கு லேப் வழக்கம் மாறும். சிலர் பிளாங்க்கையே வைத்து ஜீரோ செய்துவிட்டு, சாம்பிள் ஓ.டி.யை நேராக எடுத்துக்கொள்வார்கள். கணக்கு தப்பாது. ஆனால் நான் விரும்புவது, டிஸ்டில்டு வாட்டரில் ஜீரோ செய்து, பிளாங்க்கின் ஓ.டி.யை ஓர் எண்ணாக ரெக்கார்டில் எழுதிக் கழிப்பது. பிளாங்க்கில் ஜீரோ செய்தால் அது நேற்று 0.010, இன்று 0.060 என்பது உங்கள் கண்ணிலேயே படாது. இரண்டில் ஒன்றைத்தான் செய்ய வேண்டும். பிளாங்க்கில் ஜீரோ செய்துவிட்டு மறுபடி பிளாங்க்கைக் கழிப்பது முதல் வருஷத்தில் நான் அடிக்கடி திருத்துகிற தவறு. ஸ்டாண்டர்டுகளுக்கும் இதே விதி: அந்த 0.200 பிளாங்க்கைக் கழித்து வந்த எண் என்றால், சாம்பிளிலும் கழித்தே ஆக வேண்டும்.

ஒரு நாள் போட்ட பிளாங்க்கை மாசம் முழுக்க வைத்துக்கொள்ளக் கூடாது என்பதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் ஆய்வகத்தில் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகா கிழக்குப் பக்கத்துக் கிணறுகள் பன்னிரண்டின் தண்ணீரைப் பார்த்தோம். அன்று காலை புது பஃபர் திறந்திருந்தார்கள், பிளாங்க் எண் மட்டும் பழைய தாளிலிருந்து எடுத்தது. பாறைக்குள் இறங்கிய போர்வெல், வாய்க்கால் ஓரத்துத் திறந்த கிணறு, கோயில் குளத்துக்குப் பக்கத்துக் கிணறு என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பன்னிரண்டும் போன முறையைவிட ஏறக்குறைய ஒரே அளவு கூடியிருந்தன. தண்ணீர் அப்படிச் சொல்லிவைத்த மாதிரி மாறாது. எல்லாச் சாம்பிளும் ஒரே அளவு நகர்ந்தால் முதலில் பாட்டிலைப் பாருங்கள். பிளாங்க் போட்டோம், கூடியது அத்தனையும் அதில் இருந்தது. தாள்களை அனுப்புவதற்கு முன் பிடிபட்டதில் இன்றும் எனக்கு நிம்மதி.

ஒவ்வொரு பேட்ச்சுக்கும் இரண்டு பிளாங்க் போடச் சொல்வேன். 0.034, 0.036 என்று வந்தால் நம்பலாம். 0.034, 0.071 என்று வந்தால் சராசரி எடுக்காதீர்கள். ஒரு குடுவை அழுக்கு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அலசி மறுபடி போடுங்கள்.

பிளாங்க்கே ஏமாற்றுகிற இடம் ஒன்று உண்டு. இரும்பு ரீஏஜென்ட்டில் இல்லாமல் டிஸ்டில்டு வாட்டரில் இருந்தால் என்ன ஆகும்? பிளாங்க்கில் அந்தத் தண்ணீர் 50 மில்லி முழுசாகப் போய்ச் சுண்டுகிறது, பிறகு கோடுவரை நிரப்பவும் கொஞ்சம் போகிறது. சாம்பிள் குடுவையில் நிரப்புவதற்கு மட்டும்தான் போகிறது. ஆகவே பிளாங்க் உண்மையைவிட அதிகமாகக் கழிக்கும், நல்ல தண்ணீரெல்லாம் மைனஸில் போகும். மைனஸ் வந்தால் பூஜ்யம் என்று எழுதி முடித்துவிடாமல் கூடுதலாக இரண்டு பிளாங்க் போட்டுப் பாருங்கள். ஒன்றில் பஃபரை மட்டும் 20 மில்லியாக்குங்கள். இன்னொன்றில் 50-க்குப் பதில் 100 மில்லி டிஸ்டில்டு வாட்டரைச் சுண்டவையுங்கள். முதலாவது ஏறினால் குற்றவாளி பஃபர், இரண்டாவது ஏறினால் தண்ணீர்.

சாம்பிளுக்கே உள்ள நிறத்தையும் கலங்கலையும் ரீஏஜென்ட் பிளாங்க் பிடிக்காது. மழைக்காலத்தில் சித்தூர்ப்புழைத் தண்ணீர் செம்மண் நிறத்தில் வருமே, அதற்கு, ஃபினான்த்ரோலினை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாம் சேர்த்த இன்னொரு சாம்பிள் குடுவை தனியாக வேண்டும்.

நிறம் கூடுகிற டெஸ்டில்தான் இதெல்லாம் என்று நினைத்துவிடாதீர்கள். பாலக்காட்டுக் கிழக்குக் கிணறுகளில் நாம் பயப்படுகிற ஃப்ளூரைடுக்கு ஸ்பாட்ன்ஸ் முறை உண்டு. அதில் சிர்கோனியமும் சாயமும் சேர்ந்து முதலிலேயே கடுஞ்சிவப்பாக இருக்கும். ஃப்ளூரைடு சிர்கோனியத்தைப் பிடித்து இழுத்துக்கொள்ள, நிறம் வெளுக்கும். அங்கே டிஸ்டில்டு வாட்டரில் போட்ட குடுவைதான் எல்லாவற்றிலும் கடும் நிறம். எங்கிருந்து வெளுத்தது என்று தெரியாமல் எவ்வளவு வெளுத்தது என்று சொல்ல வழியே இல்லை.

உங்கள் 0.46-ஐ என்ன செய்வது? அன்று பயன்படுத்திய அதே பஃபர், அதே அமில பாட்டில்கள் இன்னும் இருந்தால் இன்றே இரண்டு பிளாங்க் போடுங்கள், பிழை எவ்வளவு என்று ஓர் அந்தாஸ் கிடைக்கும். ஆனால் அந்த எண்ணைக் கழித்து ரெக்கார்டைத் திருத்த வேண்டாம், அன்றைய குடுவையும் கொதியும் திரும்பி வராது. வீட்டிலிருந்து புதிதாகத் தண்ணீர் கொண்டுவாருங்கள். மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அமிலத்தில் அலசிய பாட்டிலில் பிடித்து, அங்கேயே சில சொட்டு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுவிடுங்கள். விடாவிட்டால் காலேஜ் பஸ் வந்து சேர்வதற்குள் இரும்பு பழுப்பாகி பாட்டிலின் அடியில் ஒட்டிக்கொள்ளும். சொட்டுகளை எண்ணிக் குறித்து, அதே எண்ணிக்கையைப் பிளாங்க்கிலும் விடுங்கள்.