ரெண்டு ஃப்ளாஷும் எனக்குக் கிடைக்காத பத்து பாயின்ட்டும்

கேள்வி: லோகன் படத்துல வோல்வரின் செத்தப்போ தியேட்டர்லயே அழுதேன். இப்போ டெட்பூல் கூட ஜாலியா திரும்ப வந்துட்டாரு. மல்டிவர்ஸ்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா பழைய கதையை எப்படி வேணும்னாலும் மாத்திக்கலாமா?

பதில்:

நீங்க சினிமா மட்டும் பார்க்குற ஆளுன்னு நினைச்சுக்கிட்டு சொல்றேன், தப்பா இருந்தா விட்ருங்க. இந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதறதுக்குக் காரணமே காலேஜ்ல நடந்த ஒரு க்விஸ். ஃபைனல் ரவுண்டுல, மின்னல் வேகத்துல ஓடுற காமிக்ஸ் ஹீரோ ஃப்ளாஷைப் பத்தி, "முதல் ஃப்ளாஷ் யாரு?"ன்னு கேட்டாங்க. நான் பஸ்ஸரை அமுக்கி ஜே கேரிக்னு சொன்னேன், 1940-ல வந்தவர், தலையில தகர ஹெல்மெட் மாதிரி ஒண்ணு போட்டிருப்பாரே அவர்தான். க்விஸ் மாஸ்டர் கார்டைப் பார்த்துட்டு "தப்பு, பேரி ஆலன்"னாரு. பேரி வந்ததே 1956-லதான் சார்னு சண்டைக்குப் போனேன். அவரும் கொஞ்சம் விஷயம் தெரிஞ்சவர் போல, "ஜே வேற உலகத்து ஆளுப்பா, அவர் கணக்குல வர மாட்டாரு"ன்னு சிரிச்சுக்கிட்டே அடுத்த கேள்விக்குப் போய்ட்டாரு. பத்து பாயின்ட்ல கப்பு போச்சு. அன்னிக்கு ராத்திரி ஹாஸ்டல்ல உக்காந்து இந்த வேற உலகக் கணக்கை, அதான் மல்டிவர்ஸை, முழுசாப் படிச்சேன், அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

விஷயம் என்னன்னா, ஜே கேரிக் கதை 40-கள் முடியுறப்போ நின்னு போச்சு. டிசி கம்பெனி 1956-ல அதே பேர்ல புது ஆளா பேரியைக் கொண்டு வந்தாங்க. முதல் கதையிலயே பேரி உக்காந்து ஜே கேரிக் காமிக்ஸ் படிச்சுக்கிட்டு இருப்பாரு, அதாவது இவருக்கு அவர் வெறும் கதைப் பாத்திரம். அப்புறம் 1961-ல கார்ட்னர் ஃபாக்ஸ் எழுதின ஃப்ளாஷ் 123-வது இதழ்ல, பேரி பசங்களுக்கு வித்தை காட்டுறப்போ உடம்பை வேகமா அதிர வச்சு மாயமாகி இன்னொரு பூமியில போய் விழுவாரு, அங்க ஜே கேரிக் தலை நரைச்சு, பொண்டாட்டியோட, நிஜமாவே இருப்பாரு. ரெண்டு பூமியும் ஒரே இடத்துலதான் இருக்கு, அதிர்வு வேற வேறங்கிறதால மோதிக்கலன்னு விளக்கம். அப்போ அந்த காமிக்ஸை யாருங்க எழுதினது? அதுக்கும் வச்சிருக்காங்க பாருங்க, கார்ட்னர் ஃபாக்ஸ் தூங்கும்போது அவர் மனசு அந்த உலகத்தோட அதிர்வைப் பிடிச்சிருக்கும், அதைத்தான் கதைன்னு நினைச்சு எழுதிட்டாருன்னு தன் பேரையே கதைக்குள்ள போட்டுக்கிட்டாரு.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணுதான். பழைய கதையில ஒரு வரியைக் கூட அழிக்கல. அதுக்குப் பக்கத்துல புதுசா ஒரு நோட்டைப் பிரிச்சு வச்சாங்க, ஒவ்வொரு நோட்டுலயும் தனிக் கணக்கு. நோட்டு கலக்காத வரைக்கும் கன்டினியூட்டி, அதாவது கதையோட முன்னுக்குப் பின் பொருத்தம், உடையாது.

இதனால எழுதறவங்களுக்கு என்ன லாபம்? பேட்மேன் மாசா மாசம் விக்கிற ஆளு, அவருக்கு வயசாகக் கூடாது, கல்யாணம் ஆகக் கூடாது, சாகக் கூடாது. ஆனா ஜே கேரிக் மாதிரி பழைய ஆளுங்க இருந்த அந்த இன்னொரு பூமி, எர்த்-2-ல அந்தக் கட்டாயம் கிடையாது. அங்க இருந்த பேட்மேன் கேட்வுமனைக் கல்யாணம் பண்ணி, ஹெலனான்னு ஒரு பொண்ணு பொறந்து, 1977-ல அந்தப் பொண்ணே ஹன்ட்ரஸ்ங்கிற பேர்ல முகமூடி போட்டுக் கிளம்பிருச்சு. 1979-ல அந்த பேட்மேன் செத்தும் போயிட்டாரு. அது நிஜ சாவு. அதே மாசம் இந்தப் பக்கத்து பேட்மேன் வழக்கம்போல கோத்தம்ல ரவுடிகளை அடிச்சுக்கிட்டு இருந்தாரு. என்னைக் கேட்டா மல்டிவர்ஸை இதை விட நல்லா பயன்படுத்தினது இல்ல. செத்தவரை எழுப்ப அதைத் தூக்கிட்டு வரல, ஒருத்தரை நிம்மதியா சாக விடறதுக்கு வச்சுக்கிட்டாங்க.

கலந்தா என்ன ஆகும்னும் நமக்குக் காட்டிட்டாங்க. பூமிகள் ரொம்பப் பெருகிடுச்சு, புது வாசகருக்குப் புரியலன்னு 1985-ல ஆரம்பிச்ச க்ரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்ங்கிற காமிக்ஸ் தொடர்ல எல்லாத்தையும் ஒரே பூமியாச் சேர்த்தாங்க. சண்டையெல்லாம் பிரமாதம். ஆனா பவர் கேர்ள்னு ஒரு பாத்திரம் இருந்துச்சு, எர்த்-2 சூப்பர்மேனோட சித்தப்பா பொண்ணு. எர்த்-2-வே இல்லன்னா அந்தப் பொண்ணு யாரோட சொந்தம்? பூமி ஒண்ணு ஆனப்புறம் வந்த புது சூப்பர்மேன் கதையில அவர் பொறந்த கிரிப்டான் கிரகம் அழிஞ்சப்போ தப்பிச்சது அவர் மட்டும்தான், அதனால அங்கயும் சேர்க்க முடியல. கடைசியில அட்லான்டிஸ் மந்திரவாதி ஒருத்தரோட வம்சம்னு கதை கட்டுனாங்க. அந்த ஒட்டு நிக்கல, 2005-06-ல இன்ஃபினிட் க்ரைசிஸ்ல பழைய எர்த்-2 பொண்ணுதான்னு திரும்ப ஒத்துக்கிட்டாங்க. இருபது வருஷம். அதாவது கன்டினியூட்டியை உடைச்சது மல்டிவர்ஸ் இல்லைங்க, அதை மூடப் போன வேலைதான். மார்வெல் ரசிகர்கள் யாராச்சும் கமென்ட்ல வந்து டிசி ஆளுன்னு திட்டுவீங்க, திட்டிக்கோங்க, எனக்கு ரெண்டும் பிடிக்கும்.

சரி, சினிமாவுக்கு வரேன். திரும்பி வந்தவருக்கு யாரோட ஞாபகம் இருக்குன்னு பாருங்க, அதுலயே ஏமாத்துறாங்களா இல்லையான்னு தெரிஞ்சிரும். இன்ஃபினிட்டி வார்ல கமோரா செத்தா. எண்ட்கேம்ல வர்றது 2014-ல இருந்து வந்த கமோரா, செத்தவளோட காதலன் குவில் யாருன்னே அவளுக்குத் தெரியாது. 2023-ல வந்த கார்டியன்ஸ் மூணாவது பாகத்துலயும் அவ அவன் கூட சேரல, அவளோட ராவேஜர்ங்கிற விண்வெளிக் கொள்ளைக் கூட்டத்துக்கே போயிடுறா. செத்தவ செத்தவதான், எனக்கு இது நியாயமாப் பட்டுச்சு. தோரோட தம்பி லோகியை எடுத்துக்கோங்க, 2012-ல இருந்து தப்பிச்சு வந்தவன், அண்ணன் கூட சமாதானமானதெல்லாம் அவனுக்கு நடக்கவே இல்ல. சீரிஸ்ல அவனை உக்கார வச்சு, அவன் வாழாத அந்த வாழ்க்கையை, அவன் சாவு வரைக்கும், படமா ஓட்டிக் காட்டுவாங்க. பார்த்துட்டு அழுது திருந்திடுறான். நல்லா எடுத்திருந்தாங்க, ஆனா அடுத்த நோட்டுல இருந்து மார்க்கைக் காப்பி அடிச்ச மாதிரிதான் எனக்கு இருந்துச்சு.

இதோட சம்பந்தமில்லாம ஒண்ணு சொல்லிக்கிறேன். நோ வே ஹோம்ல பழைய ஸ்பைடர்மேன்கள் வந்த நேரத்துல எனக்கு முன்னாடி வரிசையில இருந்த பாதிப் பேரு ஸ்டேட்டஸ் போடறதுக்காக போனைத் தூக்கிட்டாங்க, ஸ்க்ரீனை விட போன் வெளிச்சம்தான் அதிகம். டிக்கெட் வாங்கி அடுத்தவன் போன்ல படம் பார்த்தவன் நான்.

உங்க வோல்வரினுக்கு வரேன். டெட்பூல் முதல் காட்சியிலயே அந்தக் கல்லறையைத் தோண்டுவான் இல்லையா, அவர் உயிரோட இருப்பாருன்னு நம்பித்தான். கிடைக்கிறது வெறும் எலும்புக்கூடு. அப்புறம்தான் வேற உலகங்கள்ல தேடி ஒருத்தரைப் பிடிச்சுட்டு வரான், அவரும் தன் கூட்டத்தைக் காப்பாத்த முடியாமப் போன குற்ற உணர்ச்சியில குடிச்சுக்கிட்டு இருக்குறவர். நீங்க அழுத லோகன் அந்தக் குழியிலதாங்க இருக்காரு. அந்த எலும்பை ஆயுதமா எடுத்து சண்டை போட்டது மரியாதையான்னு கேட்டா, அது தனிச் சண்டை, அதுல நான் உங்க பக்கம்.

எண்ட்கேம் முடிவுல கேப்டன் அமெரிக்காவான ஸ்டீவ் ராஜர்ஸ் கிழவரா பெஞ்சுல எப்படி வந்து உக்காந்தாருன்னு மட்டும் என்கிட்ட கேக்காதீங்க. வேற டைம்லைன்ல வாழ்ந்துட்டுத் திரும்பினாருன்னு டைரக்டருங்க ஒரு மாதிரி சொல்றாங்க, இதே டைம்லைன்லதான் ஒளிஞ்சு வாழ்ந்தாருன்னு கதை எழுதினவங்க இன்னொரு மாதிரி சொல்றாங்க, அவங்களுக்குள்ளயே இன்னும் ஒத்துப் போகல.