வாட்ஸ்அப் கேட்டலாக்கில் மாம்பழப் பெட்டி விற்பது: கேள்வி பதில்

சந்தூர் மாந்தோப்புக்காரர்: அண்ணா, வீட்டு நம்பர்லயே பிசினஸ் வாட்ஸ்அப் போடலாமா? பழைய மெசேஜ் எல்லாம் போயிடுமா?

போடலாம். ஆனா ஒரு நம்பர் சாதா வாட்ஸ்அப்லயோ பிசினஸ் ஆப்லயோ ஏதாவது ஒண்ணுலதான் இருக்கும். மாத்துறதுக்கு முன்னாடி பழைய ஆப்ல Settings → Chats → Chat backup போய் பேக்கப் எடுத்துடுங்க. பிசினஸுக்குப் போறது சுலபம், சாட்டோட திரும்பி வர்றது அவ்வளவு சுலபமில்லை.

உங்களுக்கு நான் தனி சிம்தான் சொல்வேன். ஒரே போன்ல ரெண்டு ஆப்பும் ஓடும், சொந்தக்காரங்க குரூப்பும் ஆர்டரும் கலக்காது. மாம்பழக்காரங்க இதுல மாட்டிக்கிற இடம் ஒண்ணு இருக்கு. சீசன் ஜூலையோட முடிஞ்சிடும், அடுத்த விற்பனை ஏப்ரல்லதான். இடையில ஆப்பைத் திறக்காமலே விட்டா, 120 நாள் பயன்படுத்தாத கணக்கை வாட்ஸ்அப் அழிச்சிடும். நீங்க படமும் விலையும் போட்டு ஏத்தின பொருள் பட்டியல், அதாவது கேட்டலாக்கும் அதோட போயிடும். சிம்முக்கு ரீசார்ஜ் போடாம விட்டா நம்பரே வேற ஆளுக்குப் போகலாம், பெட்டியில அச்சடிச்ச நம்பர் அது! அதனால மாசம் ஒரு தடவை நெட் போட்டு ஆப்பைத் திறங்க, சின்ன ரீசார்ஜை நிறுத்தாதீங்க.

அதே சந்தூர்க்காரர்: ரேட்டு மண்டியில தினம் மாறுது. கேட்டலாக்ல என்ன விலை போடுறது?

கிலோ விலை போடாதீங்க, பெட்டி விலை போடுங்க. Business tools → Catalog-ல ஒவ்வொரு பெட்டியும் தனிப் பொருளா இருக்கணும். செந்தூரா 3 கிலோ, செந்தூரா 5 கிலோ, அல்போன்சா 3 கிலோ, அல்போன்சா 5 கிலோ, பங்கனப்பள்ளி 5 கிலோ. ஐந்து பொருள் போதும். 500 வரைக்கும் ஏத்தலாம்தான், ஆனா இருபது பொருள் போட்டா தினமும் இருபது விலை திருத்தணும்.

கணக்கை இப்படி வைங்க. செந்தூரா கிலோ 80 ரூபாய்னு வச்சுக்குவோம். 5 கிலோ 400, அட்டைப்பெட்டியும் வைக்கோலும் 40, ஆக 440. கிருஷ்ணகிரி டவுனுக்குள்ள டெலிவரி 40 சேர்த்து 480-னு ஒரே விலையா போடுங்க. டெலிவரியைத் தனியா சொன்னா ஒவ்வொருத்தர்கிட்டயும் பேரம் நடக்கும். மண்டி விலை கிலோவுக்கு அஞ்சு ரூபா ஏறினதுக்கெல்லாம் திருத்த வேண்டாம். வாரத்துக்கு ரெண்டு நாள் குறிச்சு வச்சு மாத்துங்க. தீர்ந்துபோன வகையை அழிக்காதீங்க, மறைச்சு வைக்கிற வசதி (Hide) இருக்கு. அழிச்சா மறுபடி படம் ஏத்தி, மறுபடி ஒப்புதலுக்குக் காத்திருக்கணும்.

விளக்கத்துல மூணு விஷயம் கட்டாயம். பெட்டி எடை போக பழம் மட்டும் எத்தனை கிலோ, சுமார் எத்தனை பழம் வரும், காயா பழமா. “முத்தின காய், வைக்கோல்ல வச்சா நாலஞ்சு நாள்ல பழுக்கும், கல் வைக்கலை”னு எழுதினா பாதிக் கேள்வி குறையும். கார்பைடு கல் வச்சுப் பழுக்க வைக்கிறது சட்டப்படியே தடை, அதனால அந்த வரி உண்மையா இருந்தா மட்டும் போடுங்க. முதல் படம் பட்டியல்ல சதுரமாத்தான் தெரியும், ஓரம் வெட்டுப்படும். திறந்த பெட்டியை மேலேருந்து, காலை வெளிச்சத்துல எடுங்க.

பாலக்கோடு வாசகர்: கார்ட்ல ஆர்டர் வந்துட்டா விற்பனை முடிஞ்ச மாதிரிதானே சார்?

இல்லைங்க. பெரும்பாலான தகராறு இங்கதான் வருது. கார்ட்ங்கிறது வாடிக்கையாளர் அனுப்புற ஒரு மெசேஜ் மட்டும். இருப்பு குறையாது, பணம் பிடிக்காது. பத்துப் பெட்டி இருக்கிறப்போ பதினைஞ்சு பேர் கார்ட் அனுப்பலாம், ஆப் யாரையும் தடுக்காது. கார்ட் வந்ததும் நீங்க எழுத்துல உறுதி செய்யணும். அதுக்கு Quick replies-ல ஒண்ணு சேமிச்சு வச்சுட்டா, `/box`-னு தட்டினாலே முழு மெசேஜும் வந்துடும்:

```
உங்கள் ஆர்டர்: ___ பெட்டி, மொத்தம் ₹___
டெலிவரி: ___ கிழமை மாலை
தெரு, அடையாளம் அனுப்பவும்.
பணம் வந்ததும் உறுதி ஆகும்.
```

பிறகு ஒவ்வொரு சாட்டுக்கும் ஆர்டர் எந்த நிலையில இருக்குன்னு லேபிள் ஒட்டுங்க. New order, Pending payment, Paid, Order complete எல்லாம் ஏற்கெனவே இருக்கு. ராத்திரி Paid லேபிளைத் தொட்டுப் பார்த்தா காலையில கட்டவேண்டிய பெட்டி எத்தனைனு தெரிஞ்சிடும்.

தருமபுரி, ராகி மால்ட் செய்பவர்: அக்காவோ அண்ணாவோ தெரியல, என் பொருளுக்குப் பக்கத்துல சிவப்புக் குறி வந்து யாருக்கும் தெரியமாட்டேங்குது. சர்க்கரை நோய்க்கு நல்லதுன்னு எழுதியிருந்தேன்.

அந்த வரிதான் காரணமா இருக்க வாய்ப்பு அதிகம். மருந்து, மருத்துவப் பொருள் விற்க வாட்ஸ்அப்பின் வணிகக் கொள்கையில அனுமதி இல்லை. நோய் பேர் வந்தா மால்ட்டும் மருந்துக் கணக்குல விழுந்துடும். நோயைக் குணப்படுத்தும்னு உணவுப்பொருள்ல சொல்றதை உணவுச் சட்டமும் ஏத்துக்காது. வரியை எடுத்துட்டு, என்னென்ன தானியம், எத்தனை கிராம், எத்தனை நாள் தாங்கும்னு மட்டும் எழுதி, அந்தப் பொருளைத் திறந்து மறுபரிசீலனை கேளுங்க. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ கொடுக்கிற உங்க பதிவு எண் 14 இலக்கம், அதை விளக்கத்தோட கடைசியில போடுங்க. இன்னும் பதிவு செய்யலைன்னா முதல்ல அதை முடிங்க.

காரிமங்கலம் வாசகர்: அப்போ நாட்டுக்கோழிக்கும் இதே பதிவு எண் போட்டா கேட்டலாக் ஓகே ஆயிடுமா?

இது வேற விஷயம் தம்பி. உயிருள்ள பிராணிகளை விற்கவே அந்தக் கொள்கையில இடமில்லை, எந்த எண் போட்டாலும் மாறாது. திரும்பத் திரும்ப ஏத்தினா கணக்குக்கே சிக்கல் வரலாம்.

காவேரிப்பட்டணம் உறுப்பினர்: இவ்வளவு எதுக்குங்க? 300 பேரை ஒரு குரூப்ல சேர்த்து தினம் ரேட் போட்டா வித்துடும்.

பாதி சரிதான், ரேட் வேகமாப் போய்ச் சேரும். ஆனா குரூப்ல எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரியும், இன்னொரு வியாபாரி உள்ளே வந்து உங்க வாடிக்கையாளருக்கே தனியா மெசேஜ் போடுவார். கேட்காம சேர்த்தா ஸ்பாம்னு ரிப்போர்ட்டும் பண்ணுவாங்க. பிராட்காஸ்ட் பட்டியல்ல 256 பேர் வரை, அவங்களுக்குத் தனி மெசேஜா போகும். ஆனா உங்க நம்பரைத் தங்கள் போன்ல சேமிச்சவங்களுக்கு மட்டும்தான் வந்து சேரும். “அனுப்பினேன், ஒருத்தரும் பார்க்கலை”ன்னா காரணம் பெரும்பாலும் இதுதான். முதல் பெட்டி கொடுக்கும்போதே “நம்பரை சேவ் பண்ணிக்கோங்க”ன்னு கேட்டுடுங்க.

ஓசூர் வாசகி: எங்க அப்பார்ட்மென்ட்ல தெலுங்கு, கன்னடம் பேசுறவங்கதான் அதிகம். பேரை எப்படி எழுதுறது? லிங்க் எப்படி அனுப்புறது?

பொருள் பேரைத் தமிழ்ல ஒரு தடவை, ஆங்கில எழுத்துல ஒரு தடவை எழுதுங்க, Sendhura 5 kg மாதிரி. ஒரே பழத்துக்கு அங்க வேற பேர் இருக்கும், அதனால படம்தான் முக்கியம். லிங்க் இது:

```
https://wa.me/c/91XXXXXXXXXX
```

முன்னாடி + வேண்டாம், நடுவுல இடைவெளி வேண்டாம், 91-க்குப் பிறகு நம்பர். இதை க்யூஆரா அச்சடிச்சு அப்பார்ட்மென்ட் லிஃப்ட் பக்கத்துல ஒட்ட, சங்கத்துக்கிட்ட அனுமதி வாங்கிக்குங்க.

பாலக்கோடு வாசகர்: பணம் அனுப்பிட்டேன்னு ஸ்க்ரீன்ஷாட் அனுப்புறாங்க. நம்பலாமா? முன்பணம் கேட்டா ஓடிடுறாங்க.

ஸ்க்ரீன்ஷாட்டை நம்பி பெட்டி கொடுக்காதீங்க. உங்க பேங்க் ஆப்ல வரவு தெரிஞ்சப்புறம்தான் Paid லேபிள். பணம் வாங்குறதுக்கு நீங்க யூபிஐ பின் போடவேண்டிய அவசியமே இல்லை, போடச் சொன்னா அது மோசடி.

முன்பணம் பத்தி எனக்கும் காவேரிப்பட்டணம் நண்பருக்கும் ஒத்துப்போகாது. புது ஆளுக்கு முழுப்பணம் முன்னாடியே வாங்கணும்ங்கிறார் அவர், அழுகுற பொருள் அது. உள்ளூர்னா வீட்டு வாசல்ல காட்டி வாங்கினாத்தான் அடுத்த தடவையும் வாங்குவாங்கன்னு நான் நினைக்கிறேன். ஓசூர், தருமபுரிக்கு பஸ் பார்சல்ல அனுப்புற பெட்டிக்கு மட்டும் ரெண்டு பேரும் ஒரே கட்சி: பணம் வராம பார்சல் போடாதீங்க.

காவேரிப்பட்டணம் உறுப்பினர்: வாசல்ல காட்டி, ரெண்டு பழம் அழுத்திப் பார்த்துட்டு வேணாம்னு சொன்னா அந்தப் பெட்டியை என்ன பண்றதாம்?

அன்னைக்கே பிராட்காஸ்ட்ல “ஒரு பெட்டி மிச்சம்”னு போட்டுப் பாருங்க. எல்லா நாளும் விற்கும்னு சொல்ல மாட்டேன்.