இடைநிலை வாடகையின் திட்டப் பிழை: 5.2-ஆ, 2.9-ஆ?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். ஊரிலிருந்து வேலைக்கு வரும் பையன்களுக்கு வீடு பார்த்துத் தரும் எங்கள் குழுவுக்காக, ஒற்றைப் படுக்கையறை வீடுகள் 11-இன் மாத வாடகையை விசாரித்தேன். ஆயிரம் ரூபாய்க் கணக்கில்: 12, 13, 14, 15, 16, 18, 19, 22, 25, 30, 60. இடைநிலை 18. சராசரியின் திட்டப் பிழையை 1.253-ஆல் பெருக்கும் பாடப்புத்தகச் சூத்திரத்தில் இதன் திட்டப் பிழை 5.2 வருகிறது. நண்பர் பூட்ஸ்ட்ராப் செய்து 2.9 என்கிறார். 10,000 தடவை மாதிரி எடுத்ததால்தான் அவருக்குக் குறைந்துவிட்டதோ என்று சந்தேகம். எதை எழுதுவது?

பதில்: 2.9 என்று எழுதுங்கள். 10,000 தடவை எடுத்ததற்கும் அது குறைந்ததற்கும் சம்பந்தமில்லை.

முதலில் உங்கள் சூத்திரம். அந்த 1.253 எல்லாத் தரவுக்கும் பொருந்தாது. தரவு மணி வடிவ இயல்நிலைப் பரவலிலிருந்து வந்திருந்தால், அதுவும் எண்ணிக்கை ஓரளவு பெரிதாக இருந்தால், இடைநிலையின் திட்டப் பிழை சராசரியின் திட்டப் பிழையைப் போல 1.253 மடங்கு இருக்கும். வாடகை எந்த ஊரிலும் மணி வடிவத்தில் இருப்பதில்லை. வலப்பக்கம் நீண்ட வால் இருக்கும். உங்கள் பட்டியலில் அந்த வால் 60. சராசரியை 22.2-க்கு இழுப்பதும், அதன் திட்டப் பிழையை 4.1-க்கு ஏற்றுவதும் பெரும்பாலும் அந்த ஒரே வீடுதான். இடைநிலைக்கோ அந்த வீட்டைப் பற்றி அக்கறையே கிடையாது. ஒரு இடைநிலை எவ்வளவு ஆடும் என்பது நடுவில் எண்கள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. நெருக்கமாக இருந்தால் கொஞ்சம்தான் ஆடும், இடைவெளி விட்டிருந்தால் அதிகம் ஆடும். அந்த நெருக்கத்தைச் சூத்திரத்தில் கொண்டுவர வேண்டுமானால் பரவலின் வடிவம் தெரிய வேண்டும்; நமக்குத் தெரியாது.

1979-இல் பிராட்லி எஃப்ரான் முன்வைத்த பூட்ஸ்ட்ராப் முறை அந்த வடிவத்தை ஊகிக்காமல், கையில் இருக்கும் மாதிரியையே அதற்குப் பதிலாக வைத்துக்கொள்கிறது. பதினொரு வாடகைகளையும் சீட்டுகளில் எழுதி ஒரு டப்பாவில் போடுங்கள். ஒன்றை எடுத்துக் குறித்துவிட்டு, திரும்ப டப்பாவிலேயே போட்டுக் குலுக்குங்கள். இப்படிப் பதினொரு முறை எடுத்தால் ஒரு மறுமாதிரி. சில வீடுகள் இரண்டு மூன்று தடவை வந்திருக்கும், சில வந்தே இருக்காது. அதன் இடைநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். இதையே ஆயிரக்கணக்கில் செய்து, கிடைத்த இடைநிலைகளின் திட்ட விலக்கத்தைப் போட்டால் அதுதான் திட்டப் பிழை.

இரண்டு நிபந்தனைகள் உண்டு. எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டே ஆக வேண்டும். போடாவிட்டால் ஒவ்வொரு முறையும் அதே பதினொன்றுதான் வரும், பிழை பூஜ்யம். அப்புறம், மறுமாதிரியின் அளவும் சரியாகப் பதினொன்றாகவே இருக்க வேண்டும். நூறு நூறாக எடுத்தால், நூறு வீடு விசாரித்தவரின் திட்டப் பிழை உங்களுக்குக் கிடைக்கும்.

பைத்தானில் இவ்வளவுதான்:

```python
import numpy as np
x = np.array([12,13,14,15,16,18,19,22,25,30,60])
rng = np.random.default_rng(7)
s = rng.choice(x, size=(10000, x.size), replace=True)
m = np.median(s, axis=1)
print(m.std(ddof=1))
print(np.unique(m, return_counts=True))
```

எக்செல்தான் பழக்கம் என்றால், வாடகைகளை A1 முதல் A11 வரை வைத்துக்கொண்டு, வேறொரு இடத்தில் `=INDEX($A$1:$A$11,RANDBETWEEN(1,11))` என்பதைப் பதினொரு கட்டங்களுக்கு இழுத்து, பக்கத்தில் `MEDIAN` போட்டு, அந்த வரிசையை ஆயிரம் வரிகளுக்கு இறக்குங்கள். இடைநிலைகள் மேல் `STDEV.S`.

நிரலின் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். உங்கள் தரவுக்கு அது ஏறக்குறைய இப்படிக் காட்டும்: மறுமாதிரிகளில் 24 சதவீதத்துக்கு இடைநிலை 18. 16-க்கும் 19-க்கும் தலா 21 சதவீதம், 15-க்கும் 22-க்கும் தலா 12, 14-க்கும் 25-க்கும் தலா 4 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். 60 வருவது பத்தாயிரத்தில் இரண்டு தடவைகூட இல்லை. மூன்றில் இரண்டு மறுமாதிரிகளில் அந்த 60 ஒரு தடவையாவது இருக்கும்; ஆனால் அது இடைநிலையாக வேண்டுமென்றால் பதினொன்றில் ஆறு தடவை வந்தாக வேண்டும். அந்த வீட்டின் வாடகை 60 இல்லை, 90 என்று வைத்துப் பாருங்கள். உங்கள் சூத்திரம் 5.2-இலிருந்து 8.4-க்குத் தாவும். பூட்ஸ்ட்ராப் 2.9-இலிருந்து 3.0-க்கு நகரும்.

இனி 10,000 பற்றி. இந்தச் சதவீதங்களை ஈருறுப்புப் பரவலை வைத்து, குலுக்கலே இல்லாமல் துல்லியமாகக் கணக்கிடலாம். அப்படிப் போட்டாலும் விடை 2.90. குலுக்கல் அந்த எண்ணைத்தான் தேடிப் போகிறது. 200 தடவை எடுத்தால் 2.5-உம் வரலாம், 3.3-உம் வரலாம், ஆயிரம் எடுத்தால் 2.9-க்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம். பத்தாயிரத்தில் அநேகமாக அங்கேயே நின்றுவிடும். பத்து லட்சம் எடுத்தாலும் 2.9-தான், அதற்குக் கீழே போகாது. பிழையைக் குறைக்க வேண்டுமென்றால் இன்னும் வீடுகளை விசாரிக்க வேண்டும், வேறு வழியில்லை.

அறிக்கையில் 18 ± 5.8 என்று இரண்டு மடங்கு திட்டப் பிழையைப் போட்டு 12.2 முதல் 23.8 வரை என்று எழுதத் தோன்றும். நான் அப்படி எழுத மாட்டேன். இடைநிலைகளின் பரவல் 18-க்கு இரு பக்கமும் சமமாக இல்லை. மேல்பக்கம்தான் அதிகம் நீள்கிறது. மறுமாதிரி இடைநிலைகளில் கீழே 2.5 சதவீதத்தையும் மேலே 2.5 சதவீதத்தையும் வெட்டினால் 14 முதல் 25 வரை கிடைக்கும். வாடகைக்கு அதுவே பொருத்தம்.

பதினொன்று என்பது சின்ன எண்ணிக்கைதான். விடையாக வரக்கூடியதே உங்கள் பதினொரு எண்கள் மட்டும் என்பதைக் கவனித்திருப்பீர்கள். அதனால் நடுவில் உள்ள எண்கள் எப்படிச் சொல்லப்பட்டன என்பது முக்கியமாகிறது. நடு ஐந்து பேரும் “பதினெட்டு வருது சார்” என்று தோராயமாகச் சொல்லியிருந்தால், பத்தில் ஒன்பது மறுமாதிரிகளின் இடைநிலை 18 ஆகிவிடும், திட்டப் பிழை 2.1-க்கு இறங்கும். அது துல்லியம் இல்லை, முழு எண்ணாகச் சொன்னதன் விளைவு. எண்ணிக்கைப் பட்டியலில் ஒரே எண் பாதிக்கு மேல் வந்தால் திரும்பப் போய்ச் சரியான தொகையைக் கேளுங்கள். பராமரிப்புக் கட்டணம் சேர்த்தா, சேர்க்காமலா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம். லீசுக்கு விட்ட வீடுகளை இந்தப் பட்டியலில் சேர்க்கவே வேண்டாம். மொத்தமாகப் பணம் கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் இருப்பவரின் பூஜ்யம் வாடகை ஆகாது.

இன்னொன்றை நீங்கள் சொல்லவில்லை. இந்தப் பதினொன்றில் ஒரே உரிமையாளரின் கட்டடத்தில் மாடிக்கு ஒன்றாக எத்தனை வீடுகள்? 15, 16, 18 மூன்றும் ஒரே கட்டடம் என்றால் அவை மூன்று தனித்தனித் தகவல்கள் அல்ல. அப்போது சீட்டில் வீட்டை எழுதாமல் கட்டடத்தை எழுத வேண்டும். ஒரு கட்டடம் வந்தால் அதன் வீடுகள் எல்லாம் சேர்ந்தே மறுமாதிரிக்குள் வர வேண்டும். திட்டப் பிழை பெரும்பாலும் 2.9-ஐத் தாண்டும். நண்பரின் நிரலில் இதற்கு இடமில்லை, எனவே முகவரிகளைப் பார்த்துவிட்டு எண்ணை எழுதுங்கள்.